எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வாய் இல்லை

"ஆறு மாசப் பிள்ளையளுக்கு எல்லாம் ஒரே வாய்தான் தம்பி. ஆருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

இதை எனக்குச் சொன்னவர் இருபது வருடங்களுக்கு மேலாக ஸ்ரூடியோ நடத்துகிறவர். பெயரும் ஊரும் வேண்டாம். அவருடைய கொம்பியூட்டரில் ஒரு போல்டர் இருக்கிறது. அதற்குள் முப்பது, நாற்பது குழந்தை வாய்கள். சிரிக்கிற வாய், மூடின வாய், ஒரு பக்கம் இழுத்த வாய். சில அவரிடம் படம் எடுக்க வந்த பிள்ளைகளுடையவை, சில இணையத்திலிருந்து இறக்கியவை. சூப்பி வைத்த பிள்ளையின் படத்தை ஆராவது கொண்டுவந்து "அண்ணை, இந்தச் சூப்பியை எடுத்துத் தாங்கோ" என்றால் அவர் அந்த போல்டரைத் திறப்பார். பொருந்துகிற ஒன்றை எடுத்து ஒட்டுவார். ஓரத்தை மெழுகுவார். இருபது நிமிட வேலை.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு வாடிக்கையாளருக்கு இருபது நிமிடத்துக்கு மேல் செலவழித்தால் கடை வாடகை கட்ட ஏலாது என்பது அவருடைய நியாயம். சனம் சிரிக்கிற பிள்ளையைத்தான் கேட்குது என்பது இன்னொரு நியாயம். இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த போல்டரிலிருந்து போன ஒரு வாயை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவரோடு சேர்ந்து தலையாட்ட என்னால் முடியவில்லை.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு அக்காவின் பிள்ளை ஏழாம் மாதத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டது. பிள்ளையின் முகம் பெரிதாக, தெளிவாக விழுந்த படம் ஒன்றே ஒன்றுதான். சோறு தீத்தின அன்று கோயில் மண்டபத்தில் சொந்தக்காரப் பெடியன் ஒருவன் நல்ல கமராவில் எடுத்தது. மேளச் சத்தத்துக்குப் பிள்ளை வீரிட்டு அழுததால் சூப்பியைக் கொடுத்திருக்கிறார்கள். நீல நிறச் சூப்பி. கண் இரண்டும் அவ்வளவு தெளிவு. மூக்குக்குக் கீழே நாடி வரைக்கும் நீலத் தட்டு.

அந்தப் படத்தை அக்கா ஸ்ரூடியோவில் கொடுத்து, சூப்பியை எடுத்து, பெரிதாக்கி, பிரேம் போட்டு வாங்கிவந்தா. வீட்டில் கொண்டுவந்து கவரைப் பிரித்துவிட்டு அப்படியே இருந்துவிட்டா என்று அவவின் தாய் சொன்னார். பிறகு என்னிடம் கொண்டுவந்தபோது அக்கா சொன்னது ஒரு வசனம்தான்.

"பல்லுக்கொழுக்கட்டை கொட்டாத பிள்ளை தம்பி. இதில ரெண்டு பல்லு இருக்கு."

பார்த்தேன். இருந்தது. கீழ்முரசில் அரிசி மாதிரி இரண்டு பல்லு. சிரிக்கிற வாய். ஆரோ ஒரு பிள்ளையின் ஒன்பது மாதத்துச் சிரிப்பு, ஐந்தரை மாதத்தில் அழுது அடங்கின கண்ணுக்குக் கீழே.

"ஆருக்கு வித்தியாசம் தெரியப்போகுது" என்ற கேள்விக்கு இதுதான் பதில். தெரியவேண்டிய ஒரே ஆளுக்குத் தெரியும். மற்ற எல்லாருக்கும் தெரியாமல் இருப்பதால் என்ன பயன்?

இனி வேலைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் சண்டை உணர்ச்சியால் மட்டும் வெல்லக்கூடியது இல்லை. போல்டர்காரர்களின் அடிப்படைப் பிழை ஒரு கைவினைப் பிழை. சூப்பி என்பது வாய்க்கு முன்னால் வைத்த ஒரு மூடி என்றும், அதைத் தூக்கினால் கீழே வாய் தயாராக இருக்கும் என்றும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சூப்பி வாயில் இருக்கும்போது முழுக் கீழ்முகமும் வேறொரு முகம். முரசுகளுக்கு நடுவே ரப்பர் இருப்பதால் தாடை சில மில்லிமீற்றர் கீழே இறங்கியிருக்கும். உதடுகள் முன்னுக்குக் குவிந்திருக்கும். உறிஞ்சும்போது சொக்கை உள்ளே போகும். தட்டு அழுத்துகிற இடத்தில் அதைச் சுற்றிச் சதை வரம்பு கட்டின மாதிரி எழும்பி நிற்கும். தட்டின் நிழல் நாடியில் விழும். அதன் நிறமும் தோலில் தெறிக்கும். நீலச் சூப்பி என்றால் நாடியும் சொக்கையின் உட்பக்கமும் மெல்லிய நீலம் அடிக்கும். ஆக, தட்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு ஒரு வாயை வைத்தால், இல்லாத சூப்பியின் நிழலும் நீலமும் இறங்கின தாடையும் அப்படியே இருக்கும். பார்க்கிறவருக்கு என்ன பிழை என்று சொல்லத் தெரியாது. "என்னவோ மாதிரிக் கிடக்கு" என்பார்.

2010 இல் வந்த Photoshop CS5 இல் `Content-Aware Fill` வந்த பிறகு இன்னொரு கூட்டம் கிளம்பியது. சூப்பியைச் சுற்றித் தெரிவு செய், பட்டனை அமத்து, முடிஞ்சுது. அந்தக் கருவி அதே படத்தின் மற்ற இடங்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஓட்டையை அடைக்கிறது. அந்தப் படத்தில் வேறு வாய் இல்லை. அதனால் வாய் வராது. சொக்கைத் தோல் வரும், சில நேரம் அரை மூக்குத் துவாரம் வரும். வெற்றுச் சுவரிலுள்ள ஆணியை எடுக்க அது அருமையான சாமான். முகத்தில் இல்லாத ஒன்றைக் கட்ட அதனால் ஏலாது.

அப்ப வாய்க்கு எங்கே போவது? அதே பிள்ளையிடம்தான். அக்காவிடம் நான் கேட்டது படம் வடிவாக இருக்கிறதா என்றில்லை. "சூப்பி இல்லாமல், எவ்வளவு மோசமான படமெண்டாலும், அந்த மாதத்தில எடுத்தது இருக்கா?" தேடினால் இருக்கும். அதே நாள், மண்டபத்துக்கு வெளியே விறாந்தையில், அம்மம்மாவின் மடியில், ஆரோ போனில் எடுத்தது. முகம் சின்னது, கொஞ்சம் அசைந்தும் இருந்தது. ஆனால் பிள்ளை நேரே பார்த்துக்கொண்டிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது, பல்லு இல்லை. அதைப் பார்த்தவுடன் வேலை பாதி முடிந்தது என்று எனக்குத் தெரியும்.

முதல் வேலை அளவு எடுப்பது. போன் படத்தில் இரண்டு கண்களின் உள்மூலைகளுக்கு இடையில் 80 பிக்சல். வாயின் அகலம் 96. மூக்கின் அடியிலிருந்து உதடுகள் சந்திக்கிற கோடு வரை 44. நாடி நுனி வரை 128. பெரிய படத்தில் கண் உள்மூலைகளுக்கு இடையில் 300 பிக்சல். ஆகவே இந்தப் பிள்ளையின் வாய் பெரிய படத்தில் 360 அகலம் இருக்கவேண்டும், உதட்டுக் கோடு மூக்கிலிருந்து 165 இல் வரவேண்டும், நாடி 480 இல் முடியவேண்டும். பெரிய படத்தில் நாடியை அளந்தால் 520. அந்த மிச்ச 40 பிக்சல்தான் சூப்பி இறக்கிவைத்த தாடை. ஸ்ரூடியோக்காரர் ஒட்டின வாயையும் அளந்து பார்த்தேன், அகலம் 420 க்கு மேலே. பல்லை விடுங்கோ, வாயே பிள்ளைக்குப் பெரிசு.

(இந்த அளவுகள் தலை இரண்டு படத்திலும் ஏறக்குறைய நேராக இருந்ததால்தான் பொருந்தின. ஒரு படத்தில் முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் அகலத்தை நம்பக்கூடாது.)

நான் முதலில் செய்த பிழையையும் சொல்லவேண்டும். நாடியைத் தொடாமல் வாயை மட்டும் கட்டினேன். உதடும் நல்லாத்தான் வந்தது. ஆனால் பிள்ளைக்கு இரண்டு வயது மாதிரி இருந்தது. கீழ்முகம் நீண்டால் குழந்தை முகம் வயதுபோகும். குழந்தையைக் குழந்தையாகக் காட்டுவதே அந்தக் குட்டைக் கீழ்முகம்தான். அதை அழித்துவிட்டு, திரும்பத் தொடங்கி, முதலில் `Liquify` இல் முகத்தின் அரைவாசி அளவுக்குப் பெரிய பிரஷ் எடுத்து நாடியை மெதுவாக மேலே தள்ளினேன். சின்னப் பிரஷால் தள்ளினால் தாடை ஓரம் அலையடிக்கும். 40 பிக்சலையும் தள்ளவில்லை, 30 மட்டும். கழுத்து மடிப்பும் கூட வருகிறதா என்று பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் நாடி தனியாக மிதக்கும்.

பிறகு நீலத்தை எடுத்தேன். புது லேயர், அதன் கலவை முறை `Color`, தட்டுக்குத் தூரமான சொக்கையிலிருந்து தோல் நிறத்தை எடுத்து, 10 வீத ஓட்டத்தில் மிருதுவான பிரஷால் நாடியையும் சொக்கையின் உட்பக்கத்தையும் தடவுவது. இந்த முறையில் நிறம் மட்டும்தான் மாறும், வெளிச்சமும் தோலின் நுணுக்கமும் அப்படியே இருக்கும். ஒரே நிறத்தை எல்லா இடமும் பூசினால் பொம்மை. குழந்தையின் சொக்கை சிவப்பு, நாடி கொஞ்சம் மஞ்சள், வாயைச் சுற்றி வீணி பட்டுப் பட்டு ஒரு செம்மை. மூன்று இடத்திலிருந்து மூன்று நிறம் எடுத்தேன்.

இனிச் சொக்கை. எங்கட ஆக்கள் அதிகம் நாசமாக்குவது இதைத்தான். தட்டைச் சுற்றி எழும்பின வரம்பை குளோன் முத்திரையால் குத்திக் குத்தி அழிப்பார்கள், ஒரே துளைகள் திரும்பத் திரும்ப வந்து சொக்கை பின்னின பாய் மாதிரி ஆகும். அதை மறைக்க மங்கலாக்குவார்கள், பிறகு அது மெழுகு. குழந்தையின் சொக்கையில் கோடே இல்லை. மேட்டில் வெளிச்சம், அங்கிருந்து தாடை நிழல் வரைக்கும் ஒரே நிதானமான இறக்கம். ஆகவே வேலையை இரண்டாகப் பிரிக்கவேண்டும். முதலில் வடிவம்: நுணுக்கம் பற்றிக் கவலைப்படாமல், மிக மிருதுவான பெரிய பிரஷால் அந்த இறக்கத்தை மட்டும் வரைவது. இந்தக் கட்டத்தில் சொக்கை வழவழவென்றுதான் இருக்கும், இருக்கட்டும். அடுத்து தோல்: அதே படத்தில், அதே சொக்கையின் மறையாத பகுதியிலிருந்து துளையையும் பூனைமயிரையும் `Healing Brush` ஆல் கொண்டுவந்து மேலே விரிப்பது. அந்தக் கருவி நுணுக்கத்தை எடுத்த இடத்திலிருந்தும் நிறத்தையும் வெளிச்சத்தையும் வைக்கிற இடத்திலிருந்தும் எடுக்கும். அதனால்தான் வடிவத்தை முதல் வரையவேண்டியிருக்கிறது. வடிவம் பிழையென்றால் அது பிழையையே அழகாகத் தோல் போர்த்தித் தரும்.

உதட்டுக்கு போன் படத்தை 3.75 மடங்கு பெரிதாக்கி, சற்றுச் சரித்து, மேலே வைத்தேன். அவ்வளவு பெரிதாக்கினால் மங்கல்தான். ஆனால் உதட்டின் வளைவு, மேல் உதட்டின் நடு முனை, வலது மூலை இடதை விட ஒரு மயிரளவு கீழே இருப்பது, இது எல்லாம் மங்கலிலும் தெரியும். நான் எடுத்தது அதை மட்டும்தான். வெளிச்சத்தை எடுக்கவில்லை. விறாந்தையில் வெளிச்சம் மேலேயிருந்து, மண்டபத்தில் யன்னல் வழியே இடப்பக்கத்திலிருந்து. அப்படியே ஒட்டினால் மூக்கு ஒரு வெயிலிலும் வாய் இன்னொரு வெயிலிலும் நிற்கும். சில பேர் இதைச் சரிக்கட்ட வாயைக் கண்ணாடியில் மாதிரித் திருப்பிவிடுவார்கள். வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்த படமென்றால் அது சரிவரும், ஆனால் கீழே இருந்த மூலை மற்றப் பக்கம் போய்விடும். பிறகும் அது அந்தப் பிள்ளையின் வாய் இல்லை. அதனால் வளைவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வெளிச்சத்தை நானே வரைந்தேன். நிறத்துக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது: தட்டின் கீழ் ஓரத்தில் கீழ் உதட்டின் ஒரு நகக்கண் அளவு வெளியே தெரிந்தது. அந்த இடத்து நிறம்தான் முழு உதட்டுக்கும் அடி.

மிருதுவாகக் கட்டுவது என்றால் எல்லாவற்றையும் மங்கலாக்குவது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. உதட்டில் எல்லா ஓரமும் ஒரே மிருது இல்லை. உதடு தோலோடு சேர்கிற ஓரம் மிருது, அதற்கு மாஸ்க்கில் 3 பிக்சல் அளவு மங்கல் கொடுத்தேன். இரண்டு உதடும் சந்திக்கிற கோடு அதைவிடக் கூர்மை, அதிலும் நடுவிலும் மூலைகளிலும் கருமை கூட, இடையில் குறைவு. அந்தக் கருமைக்குக் கறுப்பு போடக்கூடாது, கடும் செம்மண்ணிறம் போடவேண்டும். கறுப்புப் போட்டால் கீறின கோடு. மேல் உதடு கீழே பார்ப்பதால் கொஞ்சம் நிழல், கீழ் உதடு வெளிச்சத்தை ஏந்தும். அதன் கீழே, நாடிக்கு மேலே, ஒரு சின்ன நிழல் பள்ளம். அதை மறந்தால் உதடு முகத்தில் ஒட்டின ஸ்ரிக்கர். கீழ் உதட்டில் வீணியின் மினுக்கம் ஒரு பொட்டு விட்டேன். கடைசியாக, நான் வரைந்த பகுதி எல்லாத்துக்கும் கமராவின் மணிமணியான இரைச்சலை அளவாகச் சேர்த்தேன், இல்லாவிட்டால் பெரிய பிரிண்டில் வாய் மட்டும் அசாதாரண சுத்தமாகத் தெரியும்.

சரி பிழை பார்க்க இரண்டு வழிதான் எனக்குத் தெரியும். ஒன்று படத்தை இடம்வலமாகத் திருப்பியும் கறுப்பு வெள்ளையாக்கியும் பார்ப்பது. பழகின கண் மறைக்கிற பிழை அப்போது முன்னுக்கு வரும். மற்றது, பிள்ளையைத் தெரிந்த ஒருவருக்கு ஒன்றும் சொல்லாமல் சிறிதாக அச்சடித்துக் காட்டுவது. அவர் கண் முதலில் பிள்ளையின் கண்ணுக்குப் போனால் வேலை சரி. வாய்க்குப் போனால் திரும்ப இருக்கவேண்டும்.

இப்படிச் செய்ய எனக்கு இரண்டு பின்னேரம் பிடித்தது. "இதைக் கடையில செய்து காசு உழைக்க ஏலுமா?" என்று அந்த அண்ணை கேட்பார். எல்லாப் படத்துக்கும் ஏலாது. பிறந்தநாள் பனருக்கு, பிள்ளை பக்கத்தில் ஓடித்திரிகிற வீட்டுக்கு, இவ்வளவும் தேவையில்லை. சூப்பி இல்லாமல் இன்னொரு படம் எடுத்தால் ஐந்து நிமிடம். ஆனால் இனிப் படம் எடுக்க ஏலாத பிள்ளை என்றால், இரண்டு பின்னேரத்துக்குரிய காசைக் கேளுங்கோ, அல்லது செய்ய ஏலாது என்று சொல்லுங்கோ. மூன்றாவது வழியாக போல்டரைத் திறக்கவேண்டாம். வேறு படமே இல்லை என்று வந்த இன்னொரு வீட்டுக்கு நான் சூப்பியை எடுக்கவில்லை. நிறத்தைத் திருத்தி, தட்டின் பளபளப்பைக் குறைத்து, கண்ணுக்கு வெளிச்சம் போகிற மாதிரி வெட்டிக் கொடுத்தேன். அவர்களுக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற எல்லாமே அவர்களுடைய பிள்ளை.

எங்கள் பக்கத்திலேயே ஒரு நண்பன் இதற்கு நேரெதிர்க் கட்சி. போட்டோ என்றால் சாட்சி, ஒரு பிக்சலையும் தொடக்கூடாது என்பான். பத்திரிகைப் படத்துக்கு நானும் அதே கட்சிதான். ஆனால் வீட்டுச் சுவர் பத்திரிகை இல்லை. பிலிம் காலத்து ஸ்ரூடியோக்களிலேயே நெகற்றிவ் மேல் பென்சில் பிடித்து முகத்தைத் திருத்தியிருக்கிறார்கள். கேள்வி தொட்டதா இல்லையா என்பதில் இல்லை. எங்கே தொட்டேன், எதை வைத்துத் தொட்டேன் என்று கேட்டவருக்குச் சொல்ல முடியுமா என்பதில் இருக்கிறது. நான் அக்காவுக்குச் சொன்னேன்: "வளைவு அந்தப் போன் படத்தில இருந்து. வெளிச்சமும் சொக்கையும் நான் கீறினது. சூப்பியோட இருக்கிற படத்தை அழிக்காதேங்கோ." அசலையும் அச்சடித்துக் கூடவே கொடுத்தேன்.

அவ கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு கேட்டா, மேல் சொண்டு நடுவில ஒரு தடிப்பு இருந்ததே, பால் குடிச்சுக் குடிச்சு வந்தது, அதைக் காணேல்லை என்று. போன் படத்தில் அந்த இடத்தில் ஒரு வெளிறின புள்ளி இருந்தது. அசைந்ததால் வந்த பிழை என்று நினைத்து நான்தான் மெழுகிவிட்டேன். போல்டர்காரரை ஏசிக்கொண்டு நானும் அதையே செய்திருக்கிறேன்.

கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டேன். கொம்பியூட்டரைத் திறந்து அந்த லேயரை எடுத்து, புள்ளியை வைத்துக் காட்டினேன்.

"இவ்வளவு வட்டமில்லைத் தம்பி. கொஞ்சம் நீட்டு."

நீட்டினேன்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."